39லிருந்து 64: ட்யூஷன் ஆசிரியரின் பக்கத்தைப் படிப்பது எப்படி?

பத்தாம் வகுப்புக் கணக்குக்கு ஆன்லைனில் ட்யூஷன் தேடிப் பாருங்கள். திரையில் வரும் ஆசிரியர்களின் அறிமுகப் பக்கங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கும். மேலே படம், ஒரு நிமிட வீடியோ, மணிக்கு எவ்வளவு என்ற கட்டணம். அதற்குக் கீழே மூன்று விஷயங்கள்: என்ன பாடம் எடுப்பார், எப்படி எடுப்பார், அவரிடம் படித்த பிள்ளைகள் என்ன மார்க் வாங்கினார்கள். பெற்றோரின் கண் நேராக மூன்றாவதுக்குத்தான் போகிறது. போகாமல் என்ன செய்யும்? பணம் கட்டுவதே மார்க்குக்காகத்தானே. ஆனால் அந்தப் பக்கத்திலேயே மிகக் குறைவாகத் தகவல் சொல்லும் பகுதி அதுதான். ஆசிரியர் பொய் சொல்கிறார் என்பதல்ல விஷயம். அவர் எழுதியது ஒவ்வொன்றும் உண்மையாக இருந்தாலும் கணக்கு வேறு மாதிரி வரலாம்.

ஒரு மாதிரிப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். இது நான் எழுதிக்கொண்டது. இதிலிருக்கும் ஆசிரியரும் மாணவியும் கற்பனை. வரிகள் மட்டும் நீங்கள் எங்கும் பார்க்கக்கூடியவை. “கணிதம், இயற்பியல், வேதியியல். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை. எல்லா போர்டும். அடிப்படையிலிருந்து கான்செப்டைப் புரியவைத்து, தனிக் கவனம் செலுத்திக் கற்றுத் தருகிறேன். என் மாணவி ஒருவர் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு அரையாண்டில் 39 சதவீதம் எடுத்தவர்; என்னிடம் ஐந்து மாதம் படித்து, போர்டு தேர்வில் 64 எடுத்தார்.”

39லிருந்து 64. இருபத்தைந்து மார்க் ஏற்றம். எந்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கை தானாக புக்கிங் பட்டனுக்குப் போகும். கொஞ்சம் பொறுத்து அந்த இரண்டு எண்களையும் பிரித்துப் பார்ப்போம்.

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக் கணக்கில் எழுத்துத் தேர்வு 80 மார்க்குக்கு. மீதி 20 பள்ளியே போடும் இன்டர்னல் மார்க்: சிறு தேர்வுகள், செயல்பாடுகள், நோட்டு, இப்படி. பள்ளியின் அரையாண்டுத் தாள் பெரும்பாலும் 80க்குத்தான் நடக்கும். நம் மாணவி அதில் எடுத்தது 31. எண்பதில் 31 என்றால் 39 சதவீதம். சரி. போர்டு தேர்வில் எழுத்துத் தாளில் 45 எடுத்தாள். இன்டர்னலில் பள்ளி 19 போட்டது. கூட்டினால் 64. இதுவும் சரி. ஆனால் முதல் எண்ணில் இன்டர்னல் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. எழுத்துத் தாளை மட்டும் எழுத்துத் தாளோடு ஒப்பிட்டால் 31 என்பது 45 ஆனது. சதவீதத்தில் 39 என்பது 56 ஆனது. ஏற்றம் இருபத்தைந்து இல்லை, பதினேழுதான்.

அந்தப் பதினேழும் முழுக்க ட்யூஷனால் வந்ததா? அரையாண்டுக்கும் போர்டு தேர்வுக்கும் நடுவில் பள்ளி மிச்சப் பாடத்தை முடிக்கிறது, திரும்ப நடத்துகிறது, ப்ரீ-போர்டு வைக்கிறது. பல பள்ளிகள் பிள்ளைகளைப் பயமுறுத்தவே அரையாண்டுத் தாளைக் கடினமாகப் போடுவதும் உண்டு. எந்த ட்யூஷனுக்கும் போகாத பக்கத்து பெஞ்சுப் பிள்ளையும் இந்த ஐந்து மாதத்தில் சில மார்க் ஏறியிருக்கும். எத்தனை என்பதை அந்தப் பக்கம் சொல்லாது. அதைச் சொல்ல ஆசிரியரிடம் வழியும் இல்லை.

இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. பெற்றோர் ட்யூஷன் ஆசிரியரை எப்போது தேடுகிறார்கள்? பிள்ளை வழக்கத்தைவிடக் குறைவாக எடுத்து வந்த வாரத்தில். சாதாரணமாக எண்பதுக்கு 38 பக்கம் எடுக்கும் பெண் காய்ச்சலோடு எழுதியதாலோ, படிக்காத பாடமாகப் பார்த்துக் கேட்டதாலோ 31 எடுக்கிறாள். வீடு பதறுகிறது. அடுத்த தாளில் அவள் ஒன்றும் செய்யாவிட்டாலும் பழைய 38க்குப் பக்கமாகத் திரும்பி வரவே வாய்ப்பு அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சிஸ் கால்டன் பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் அளந்தபோது கவனித்தது இதைத்தான்: மிக உயரமானவர்களின் பிள்ளைகள் சராசரியை நோக்கி இறங்குகிறார்கள், மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் சராசரியை நோக்கி ஏறுகிறார்கள். புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். அடிமட்டத்தில் சேர்த்து, நடுமட்டத்துக்கு வந்ததும் ‘முன்பு, பின்பு’ என்று எழுதும் எல்லாப் பக்கங்களிலும் இந்தத் திரும்புதலுக்கு ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பங்கு ஆசிரியர் கணக்கில் வரவாகிவிடுகிறது.

இன்னொரு வகை வரி: “என் மாணவர்களில் 80 சதவீதம் பேர் 80க்கு மேல்.” இதற்கு ஒரே கேள்விதான், எத்தனை பேரில்? எட்டுப் பேர் சேர்ந்து, மூன்று பேர் நடுவில் நின்றுவிட்டு, ஐந்து பேர் கடைசிவரை இருந்து, நான்கு பேர் 80ஐத் தாண்டியிருந்தால் அதுவும் 80 சதவீதம்தான். சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் பாதி. அந்த நான்கு பேரும் ஒன்பதாம் வகுப்பிலேயே 75 எடுத்துக்கொண்டிருந்தவர்களாக இருந்தால் மிச்சம் சொல்ல அதிகமில்லை.

சட்டம் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. தேர்ச்சிக்கு உத்தரவாதம் தரக்கூடாது. வெற்றி பெற்ற மாணவரின் பெயரையும் படத்தையும் அவர் தேர்வான பிறகு எழுத்தில் வாங்கிய ஒப்புதல் இல்லாமல் போடக்கூடாது. போட்டால் அவர் எந்தப் படிப்பில் சேர்ந்தார், எவ்வளவு காலம், பணம் கட்டினாரா என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல விதிகள். ஆனால் அதில் பயிற்சி மையம் என்பதற்கான விளக்கம் ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் இடம் என்பது. வீட்டில் உட்கார்ந்து பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் தனி ஆசிரியரின் பக்கம் அந்த வலையில் விழாது. அங்கே சரிபார்க்கும் வேலை பெற்றோருடையதுதான்.

மார்க் பகுதியை இவ்வளவு கிழித்த பிறகு, நல்ல செய்தி மேலே இருக்கும் இரண்டு பகுதிகளில் இருக்கிறது. அங்கே எழுதுவதை யாரும் உடனே சோதித்துப் பார்க்கலாம்.

‘எல்லா போர்டும்’ என்ற இரண்டு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு ஸ்டேட் போர்டு பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் இயலே உறவுகளும் சார்புகளும். இயற்கணிதத்தில் அணிகள் வருகின்றன. சிபிஎஸ்இயில் சார்புகள் பதினொன்றாம் வகுப்பில்தான் வரும், அணிகள் பன்னிரண்டில். இரண்டு போர்டிலும் பத்தாம் வகுப்பு எடுத்துப் பழகியவருக்கு இது விரல் நுனியில் இருக்கும். சிபிஎஸ்இயிலேயே பத்தாம் வகுப்புக் கணக்கு ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டு தாள். 2020 போர்டு தேர்விலிருந்து இந்தப் பிரிவு. என் பெண் எதை எழுதுகிறாள் என்று ஆசிரியர் முதல் பேச்சிலேயே கேட்கிறாரா என்று பாருங்கள். தமிழ் வழிப் பிள்ளை என்றால் இன்னொரு சோதனை: கூட்டுத் தொடர்வரிசை, தொடுகோடு, திட்ட விலக்கம் என்ற சொற்கள் ஆசிரியர் வாயில் தடுக்காமல் வருகின்றனவா? ஆங்கில வழியில் படித்து, ஆங்கில வழிக்கே எடுத்த நல்ல ஆசிரியர்கூட இங்கே திணறுவார். அது அவர் குற்றமில்லை, ஆனால் பிள்ளைக்கு அவர் பொருந்த மாட்டார்.

ஸ்டேட் போர்டில் ஆன்லைன் ட்யூஷனுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கணக்குத் தாளின் கடைசிப் பகுதியில் இரண்டு எட்டு மார்க் கேள்விகள். ஒன்று செய்முறை வடிவியல், ஒன்று வரைபடம். ஒத்த முக்கோணம் வரைவது, அடிப்பக்கமும் உச்சிக் கோணமும் கொடுத்து முக்கோணம் வரைவது, வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடு வரைவது எல்லாம் முதலாவதில் வரும். நூற்றுக்கு 16 மார்க். காம்பஸும் ஸ்கேலும் கோணமானியும் பிடித்துக் காகிதத்தில் வரைய வேண்டியவை. (சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் செய்முறை வடிவியல் பாடம் எடுக்கப்பட்டுவிட்டது, அங்கே இந்தக் கவலை இல்லை.) ஆசிரியர் திரையில் டிஜிட்டல் பேனாவால் வரைந்து காட்டுவது அழகாக இருக்கும். பிள்ளை என்ன வரைகிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? லேப்டாப் கேமராவில் அவள் முகம்தான் தெரியும், நோட்டு தெரியாது. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் படம் எடுத்து அனுப்பினால், தப்பான விடை தெரியும். காம்பஸ் முனை எங்கே நழுவியது, விரிப்பை நடுவில் மாற்றினாளா என்பது தெரியாது.

இதைத் தாண்ட இரண்டாவது கேமரா வேண்டும். பழைய கைபேசி ஒன்றை ஸ்டாண்டில் மாட்டி, நோட்டுக்கு நேர் மேலே கவிழ்த்து வைத்து, அதையும் அதே வகுப்பில் சேர்த்துவிடுவது எளிய வழி. ஸ்டாண்டு இல்லாவிட்டால் அடுக்கிய புத்தகங்களின் விளிம்பில் கைபேசியை நீட்டி வைத்து, மேலே ஒரு கனமான அகராதியை வைத்தாலும் போதும். “பிள்ளையின் நோட்டும் எனக்குத் தெரியும்படி இரண்டாவது கைபேசி வேண்டும்” என்று ஓர் ஆசிரியர் தன் பக்கத்தில் எழுதியிருந்தால், அந்த ஒரு வரி ‘பதினைந்து ஆண்டு அனுபவம்’ என்பதைவிட எனக்கு மேலானது. சொல்லிக்கொடுத்து அடிபட்டவருக்குத்தான் அது தோன்றும்.

இப்போது முறை. ‘கான்செப்டைப் புரியவைப்பேன், தனிக் கவனம்’ என்று எழுதாத ஆசிரியரே இல்லை. ஆகவே அந்த வரி ஒருவரையும் இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுவது, ஒரு தப்பை அவர் எப்படிப் பார்க்கிறார் என்பது. அதற்கு ஓர் உதாரணம்.

பிள்ளைக்கு இருபடிச் சமன்பாடு வராது என்று சொல்லிச் சேர்க்கிறீர்கள். ஆசிரியர் 2x² − 7x + 3 = 0 என்று கொடுக்கிறார். சூத்திரம் அவளுக்கு மனப்பாடம்: −b, கூட்டல் கழித்தல், வர்க்கமூலத்துக்குள் b² − 4ac, கீழே 2a. உள்ளே 49 − 24 = 25 என்று சரியாகப் போடுகிறாள். வர்க்கமூலம் 5, கீழே 4. ஆனால் மேலே −7 ± 5 என்று எழுதிவிடுகிறாள். விடை −1/2, −3 என்று வருகிறது. சரியான விடை 3, 1/2.

இதைப் பார்த்ததும் ஓர் ஆசிரியர், “குறியைக் கவனிம்மா, கவனக்குறைவு” என்று சிவப்பு மையில் திருத்திவிட்டு அடுத்த கணக்குக்குப் போவார். இன்னும் பத்துக் கணக்குக் கொடுப்பார். ஐந்தில் அதே தப்பு வரும். இன்னொருவர் நிறுத்திக் கேட்பார்: “இதிலே b எதும்மா?” “ஏழு சார்.” அங்கே முடிச்சு தெரிந்துவிடுகிறது. அவள் கண்ணுக்கு b என்பது 7. அதற்கு முன்னால் இருக்கும் கழித்தல் குறி சமன்பாட்டுக்குச் சொந்தம். −b என்றால் முன்னால் ஒரு கழித்தல் போட வேண்டும் என்றுதான் அவள் புரிந்துகொண்டிருக்கிறாள், எதிர்க்குறியாக மாற்ற வேண்டும் என்று அல்ல. b என்பதே −7. அதன் எதிர் 7. b² போடும்போது 7 ஆனாலும் −7 ஆனாலும் 49தான் வரும் என்பதால் அந்த இடத்தில் தப்பு ஒளிந்துகொண்டது. இது பத்தாம் வகுப்பு நோயே அல்ல. ஆறாம், ஏழாம் வகுப்பில் குறை எண்கள் படித்தபோது விட்டுப்போனது. இருபடிச் சமன்பாட்டைத் திரும்பத் திரும்ப நடத்தினால் தீராது. இரண்டு வகுப்பு குறை எண்களுக்கும் இயற்கணிதக் கோவைகளுக்கும் போய்விட்டு வர வேண்டும்.

கூடவே அந்த ஆசிரியர் ஒரு பழக்கத்தையும் ஏற்றிவிடுவார். கிடைத்த விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பது. x = −3 என்று போட்டால் 18 + 21 + 3 = 42. பூஜ்யம் வரவில்லை, ஆகவே தப்பு. x = 3 என்றால் 18 − 21 + 3 = 0. அரை நிமிட வேலை. தேர்வு அறையில் அவளுக்குப் பக்கத்தில் ஆசிரியர் இருக்க மாட்டார், இந்த அரை நிமிடம் இருக்கும்.

ஆகவே டெமோ கிளாஸ் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது ஆசிரியர் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறார் என்பதை அல்ல. பேச்சு நன்றாக இருப்பவருக்குத்தான் இந்தத் தளங்களில் பக்கமே ஏறும். கவனிக்க வேண்டியது, முதல் பதினைந்து நிமிடத்தில் யார் பேனா ஓடுகிறது என்பதை. முழுக்க ஆசிரியர் பேனா ஓடினால், உங்கள் பிள்ளைக்கு எது தெரியாது என்பது அவருக்கு இன்னும் தெரியாது என்று பொருள். பிள்ளையின் பழைய விடைத்தாளைக் கேட்டு வாங்குகிறவர் என்றால் இன்னும் நல்லது. மார்க்கைப் பார்க்க அல்ல, தப்புகளைப் பார்க்க.

டெமோவுக்குப் பின்னால் இருக்கும் பணக் கணக்கையும் ஒரு வரி தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. சில தளங்களில் ஆசிரியர் காசு கொடுத்து உங்கள் தொடர்பு எண்ணை வாங்குகிறார். சிலவற்றில் தளம் கட்டணத்தில் பங்கு எடுக்கிறது. உக்ரைன்காரர்கள் 2012இல் தொடங்கிய ப்ரெப்லி தளம் முதல் சோதனை வகுப்பின் கட்டணம் முழுவதையும் தானே வைத்துக்கொண்டு, அடுத்த வகுப்புகளில் 33 சதவீதத்தில் தொடங்கி, ஆசிரியர் எடுத்த மணிநேரம் கூடக் கூட 18 சதவீதம் வரை குறைத்துக்கொள்ளும் முறையில் வளர்ந்தது. எந்த வழியானாலும் டெமோவில் ஆசிரியருக்குக் கை நட்டம்தான். ஆகவே அந்த அரை மணியில் பிள்ளையைச் சிரிக்கவைத்து, எளிய கணக்காகக் கொடுத்து, ‘நல்லாப் பண்றாளே மேடம்’ என்று சொல்லி முடிக்கத் தோன்றுவது இயல்பு. பிள்ளையின் ஓட்டையைத் தோண்டிக் காட்டும் டெமோ வீட்டுக்குக் கொஞ்சம் கசப்பாகவே இருக்கும்.

நட்சத்திரக் குறிகளும் இதே வகைதான். நான்காவது, ஐந்தாவது வகுப்பில் மனம் குளிர்ந்திருக்கும்போது எழுதப்படும் பாராட்டு ஆசிரியரின் பொறுமையைப் பற்றிச் சரியாகச் சொல்லும். மார்க்கைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பிடிக்காமல் போனவர்கள் பெரும்பாலும் சண்டை போடுவதில்லை, சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார்கள்.

அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதிய கட்டுரை ஒன்று தனி ட்யூஷன் விளம்பரங்களில் அடிக்கடி தலைகாட்டும். தனியாகச் சொல்லிக்கொடுத்த சராசரி மாணவர், சாதாரண வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைவிட மேலே வந்தார் என்பது அதன் சாரம். பின்னால் வந்த ஆய்வுகளில் இந்த அளவு ஏற்றம் கிடைக்கவில்லை; பலன் உண்டு, ஆனால் அவ்வளவு இல்லை. விளம்பரத்தில் விட்டுவிடும் செய்தி வேறு. அந்தச் சோதனைகளில் தனிக் கவனம் மட்டும் தரப்படவில்லை. சிறு சிறு தேர்வு வைத்து, தப்பைத் திருத்தி, குறிப்பிட்ட அளவு தேறிய பிறகே அடுத்த பாடத்துக்குப் போனார்கள். ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்துவிட்டு, தேர்வும் திருத்தலும் இல்லாமல் பாடத்தை ஓட்டினால் அது வகுப்பறையைச் சிறியதாக்கியது மட்டும்தான்.

இதையெல்லாம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் அந்த மாதிரிப் பக்கத்தைத் திருத்தி எழுதினால் எப்படி இருக்கும்? “சிபிஎஸ்இ, ஸ்டேட் போர்டு 9, 10ஆம் வகுப்புக் கணிதம் மட்டும். தமிழ் வழியும் எடுப்பேன். பன்னிரண்டாம் வகுப்பு எடுப்பதில்லை. சேரும் முன் கடைசி இரண்டு விடைத்தாள்களை அனுப்புங்கள். நோட்டைக் காட்ட இரண்டாவது கைபேசி வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு தேர்வு. 80 சதவீதம் வராவிட்டால் அதே பாடம் திரும்பவும். சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள், இரண்டு பேர் நடுவில் நின்றார்கள். மீதி ஏழு பேரில் ஆறு பேர் எழுத்துத் தாளில் அரையாண்டைவிடக் கூடுதலாக எடுத்தது 4 முதல் 19 மார்க் வரை. ஒருவருக்கு மாற்றமில்லை.”

இப்படி எழுதுகிறவருக்குத் தளத்தில் ஒரு நட்டம் காத்திருக்கிறது. பாடம், வகுப்பு, போர்டு என்று எத்தனை கட்டங்களில் டிக் அடிக்கிறாரோ, அத்தனை தேடல்களில் அவர் பெயர் வரும். இரண்டே வகுப்புக்கு டிக் அடித்தவர் பொதுவாகத் தேடும்போது எங்கோ அடியில் கிடப்பார். அவரைப் பிடிக்க வேண்டுமானால் ‘கணித ஆசிரியர்’ என்று தேடிவிட்டு மேலே வருகிறவர்களைப் புரட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வகுப்பு, போர்டு, பயிற்று மொழி மூன்றையும் ஃபில்டரில் போட்டுவிட்டு, பட்டியலின் மூன்றாவது, நான்காவது பக்கம் வரை போய்ப் பாருங்கள். பிறகு பிடித்த இரண்டு மூன்று பேருக்கு ஒரே செய்தியை அனுப்புங்கள்: பிள்ளையின் விடைத்தாளில் தப்பான ஒரு கணக்கின் படம், கூடவே, “சார், இதில் எங்கே தப்பு நடந்திருக்கிறது, இதற்கு முதல் வகுப்பில் என்ன செய்வீர்கள்?” என்ற கேள்வி. சரியான விடையைப் போட்டு அனுப்புகிறவர் ஒருவர் இருப்பார். டெமோவுக்கு நேரம் கேட்கிறவர் ஒருவர் இருப்பார். பிள்ளையிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைத் திருப்பி அனுப்புகிறவர் யாராவது இருந்தால், கட்டணத்தை அவரிடம் பேசலாம்.